டைல்ஸுக்குக் கீழே

குடிபுகுந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கூடத்து மூலையில் ஒரு டைல்ஸை விரலால் தட்டினால் 'டொக்' என்று வெற்றொலி. சுவரோரம் பார்த்தால் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே நூலளவு இடைவெளி. பழி முதலில் டைல்ஸ் ஒட்டியவர் மேல் விழும். ஆனால் சுவரோர இடைவெளி பெரும்பாலும் அதற்கும் கீழே, பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மணலில்தான் தொடங்குகிறது.

கணக்கைச் சதுர மீட்டருக்குப் போட்டால் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது பத்து லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் சுமார் 11 சதுர மீட்டர். 15 செ.மீ. மணல் என்றால் சதுர மீட்டருக்கு 150 லிட்டர். ஆனால் இது இறுகிய அளவு. லாரியிலிருந்து தளர்வாகக் கொட்டும் மணல் தண்ணீர் விட்டு இடித்ததும் சுமார் ஆறில் ஒரு பங்கு இறங்கும்; எனவே 180 லிட்டர் வாங்க வேண்டும். அறைக்கு ஏறக்குறைய 70 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 150 லிட்டரை மட்டும் கொட்டி மட்டம் தட்டிவிட்டால், அது பிறகு இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும். மேலே இருக்கும் கல்லும் கான்கிரீட்டும் அந்தரத்தில் நிற்கும். களிமண் கலந்த நிரப்பு மண்ணுக்குத் தண்ணீர் தேக்கும் வித்தை பலிக்காது; அதைத் திமிசுக் கட்டையால்தான் இறுக்க வேண்டும்.

அடுத்து சோலிங். 15 செ.மீ. கருங்கற்களைக் கொட்டிப் பரப்பிவிடக் கூடாது. அகன்ற முகம் கீழே, கூர் முனை மேலே என ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்தி, சந்துகளில் சில்லுக் கற்களைச் சுத்தியலால் இறுக்கி, மணல் தூவி நிரப்ப வேண்டும். இந்தச் சந்துகளைத் திறந்தே விட்டால் நஷ்டம் கான்கிரீட்டில் தெரியும். 1:4:8 கலவையில் 10 செ.மீ. கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்கு 100 லிட்டர். அதற்கு சிமெண்ட் சுமார் 17 கிலோ. ஒரு மூட்டை மூன்று சதுர மீட்டருக்கு வரும், அறைக்கு நாலு மூட்டை. சந்துகளுக்குள் சராசரியாக 2 செ.மீ. வழிந்தாலே சதுர மீட்டருக்கு 20 லிட்டர் போச்சு. அறைக்கு முக்கால் மூட்டை சிமெண்ட் கல்லிடுக்கில் மறைந்துவிடும். மேஸ்திரி அதைச் சரிக்கட்டக் கான்கிரீட்டை மெலிதாக இழுத்தால், அங்கேதான் பின்னாளில் வெடிப்பு.

போட்ட கான்கிரீட்டை ஒரு வாரம் ஈரமாக வைத்த பிறகே 2 செ.மீ. கலவைப் படுகையும் 1 செ.மீ. டைல்ஸும்.

இத்தனையும் கீழிருந்து மேலே அடுக்கப்படும். அளவை மட்டும் மேலிருந்து கீழே எடுக்க வேண்டும். தரை முடியும் மட்டத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கயிற்றால் அடித்துக்கொண்டு, அதற்கு 28 செ.மீ. கீழே இன்னொரு கோடு. இடித்து இறுகிய மணல் அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். அதன் பிறகே முதல் கல்.