எல்லா எரிச்சலும் தொற்று அல்ல

உடலுறவு முடிந்து அரை மணி நேரம் கழித்து எழுந்து நடந்தால் தொடை வழியே தண்ணீர் மாதிரி ஏதோ ஒழுகுகிறது. காலையில் உள்ளாடையில் ஈரமும் லேசான வாடையும் இருக்கின்றன. புதிதாகத் திருமணமான பெண்கள் பலர் இதை வெள்ளைப்படுதல் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கோ வேறு கவலை. "எல்லாம் வெளிய வந்துடுது டாக்டர், அப்புறம் எப்படித் தங்கும்?" என்று கேட்பார்கள்.

இரண்டுக்கும் விடை விந்துவின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு முறை வெளிப்படும் விந்து சுமார் ஒன்றரை மில்லியிலிருந்து ஐந்து மில்லிவரை இருக்கும். ஐந்து மில்லி என்பது ஒரு டீஸ்பூன். வெளிவந்தவுடன் அது கூழ்போல உறைந்துகொள்ளும். பிறகு புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு நொதி, அந்தக் கூழை 15 முதல் 30 நிமிடங்களுக்குள் நீர்க்கச் செய்துவிடும். வயதான ஆண்களுக்கு ரத்தத்தில் 'பி.எஸ்.ஏ.' பார்க்கச் சொல்வார்களே, அந்த நொதிதான் இது. இதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு வேடத்தில் வரும். உடனே ஒழுகாமல் சற்று நேரம் கழித்து நீராக ஒழுகுவதற்குக் காரணம் இந்த நொதியின் வேலைதான்.

விந்துவின் அளவில் உயிரணுக்கள் மிகச் சிறிய பங்குதான். நன்றாக நீந்தக்கூடியவை சில நிமிடங்களிலேயே கர்ப்பப்பை வாயின் சளிக்குள் ஏறிவிடும். வெளியே வருவது பெரும்பாலும் மிச்சத் திரவம். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கத் தேவையில்லை.

வாடைக்கும் காரணம் உண்டு. பெண்ணுறுப்பின் உட்புறம் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. விந்துவோ காரத்தன்மை கொண்டது. இரண்டும் கலந்த பிறகு சில மணி நேரத்துக்கு அமிலம் குறைந்திருப்பதால் வாடை சற்று மாறித் தெரியும். கசிவும் வாடையும் ஒரு நாளுக்குள் தாமாகவே அடங்கிவிட்டால் அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் பலர் சோப்பையோ டெட்டால் கலந்த தண்ணீரையோ உள்ளே விட்டுக் கழுவுகிறார்கள். இல்லாத எரிச்சல் அங்கே தொடங்குகிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும்.

கசிவு அச்சத்தைத் தருவதோடு நின்றுவிடும். எரிச்சல் அப்படியல்ல, ஆளைப் படுத்தி எடுக்கும். கடுப்பு, அரிப்பு, சிவப்பு என்று வந்தால் உடனே கிருமி என்று முடிவுகட்டுவது நம் வழக்கம். அரசு மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு நிறங்களால் பிரித்த மருந்துப் பைகள் உண்டு. வெள்ளைப்படுதல் என்று வருபவருக்குப் பச்சை நிறத்தில் 'கிட் 2' கிடைக்கும். அதில் செக்னிடசோல், ஃப்ளுகோனசோல் என இரண்டு மருந்துகள் இருக்கும். ஆய்வக வசதி இல்லாத இடத்தில் தொற்றைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காக வகுத்த முறை அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சலுக்குக் காரணம் ஆணுறையின் மேல் தடவிய ஜெல் என்றால் அந்த மாத்திரைகளால் பயனில்லை.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 27 வயது, திருமணமாகி ஆறு மாதம். குழந்தையைத் தள்ளிப்போட ஸ்ட்ராபெரி மணமுள்ள ஆணுறையைப் பயன்படுத்துகிறார்கள். உறவின்போது தொந்தரவு எதுவும் இல்லை. மறுநாள் மதியம் கடுப்பு தொடங்குகிறது. சிறுநீர் பட்டால் வெளிப்புறம் எரிகிறது. இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார், சரியாகிறது. அடுத்த வாரம் மீண்டும் அதே கதை. மூன்றாவது முறை மருத்துவர் சளி மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். பூஞ்சை இல்லை, வேறு கிருமியும் தென்படவில்லை.

அப்படியானால் மாத்திரை ஒவ்வொரு முறையும் கேட்டது எப்படி? மாத்திரை சாப்பிட்ட அந்த ஒரு வாரமும் இருவரும் விலகி இருந்தார்கள். குணமாக்கியது அந்த இடைவெளிதான், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போனது. வருடக்கணக்கில் பெண்களைச் சுற்றவிடுவது இந்த ஏமாற்றம்தான்.

மருத்துவர் இங்கே கேட்க வேண்டியவை இரண்டு. எப்போது தொடங்குகிறது? ஆணுறை இல்லாத நாளிலும் வருகிறதா? உறவின்போதே, அல்லது சில நிமிடங்களுக்குள் அரிப்பும் வீக்கமும் வந்தால் உடனடி ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று இரண்டு நாள் கழித்துத் தலைகாட்டினால் அது பெரும்பாலும் தாமதமாக வரும் தோல் ஒவ்வாமை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள், வாசனைப் பொருட்கள், ஜெல்லில் உள்ள பதனப் பொருட்கள் இந்த வகையைத் தூண்டும். அன்றே எரிந்து அன்றே அடங்கினால் வறட்சி, உராய்வு அல்லது ஜெல்லின் காரம் காரணமாக இருக்கலாம். கணவருக்கும் அதே இடத்தில் சிவந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருவருக்கும் பொதுவாகப் பட்ட பொருள் எது என்று அது காட்டிக்கொடுக்கும். ஆனால் இருவருக்கும் தொற்று இருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

நம் தம்பதிக்குச் சோதனை இப்படி நடக்கும். முதலில் எரிச்சல் முழுவதும் அடங்கும்வரை, ஒரு வாரமாவது இடைவெளி. சோப்பு, திரவ வாஷ், வாசனை நாப்கின் எல்லாவற்றுக்கும் விடுமுறை. அதன் பிறகு மணமும் நிறமும் இல்லாத சாதாரண லேடெக்ஸ் ஆணுறை மட்டும். இரண்டு மூன்று முறை பார்த்தும் தொந்தரவு இல்லையென்றால் லேடெக்ஸ் குற்றவாளி அல்ல. பழைய பாக்கெட்டின் வாசனைப் பொருளோ ஜெல்லோதான் காரணம். மீண்டும் எரிந்தால் அடுத்து பாலியூரித்தேன் போன்ற லேடெக்ஸ் கலக்காத ஆணுறைக்கு மாறிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். ஜெல்லையும் ஆணுறையையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. 'நீண்ட நேரம்' என்று விளம்பரப்படுத்தும் சில ஆணுறைகளில் பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவியிருக்கும். அதுவும் ஒவ்வாமைக்குப் பெயர்போனது. நோனாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லி அடிக்கடி படும்போது உள் தோலைப் புண்ணாக்கும்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால்தான். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மரத்தைக் கீறி வடிக்கும் அதே பால். அதிலுள்ள புரதங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பலூன் ஊதும்போது உதடு தடிக்கிறதா, ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறதா, வாழைப்பழமோ அவகாடோவோ கிவியோ சாப்பிட்டால் வாய் நமைக்கிறதா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். அந்தப் பழங்களின் புரதங்கள் சில, ரப்பர் பாலின் புரதத்தை ஒத்திருக்கின்றன. அடிக்கடி கையுறை அணியும் செவிலியர்களுக்கும், சிறு வயதிலிருந்து பல அறுவைச் சிகிச்சைகளைக் கண்டவர்களுக்கும் இந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன வீட்டுச் சோதனை, உதடு வீங்குபவர்களுக்கும் மூச்சு இறுகுபவர்களுக்கும் பொருந்தாது. அவர்கள் லேடெக்ஸை அடியோடு விட்டுவிட்டு ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜெல்லின் கதை வேறு. தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் பலவற்றில் வழுவழுப்புக்காகக் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சேர்க்கிறார்கள். இவை மிகும்போது ஜெல் அடர்ந்துபோய், உப்பு போட்ட எலுமிச்சைத் துண்டு நீர் விடுவதைப்போல உள் தோலின் செல்களிலிருந்து நீரை இழுத்துவிடும். காய்ந்துபோன செல்கள் உரிந்து எரியும். இந்த அடர்த்தியை 'ஆஸ்மொலாலிட்டி' என்ற அளவால் குறிப்பார்கள். நம் உடல் திரவங்களில் அது 300-ஐ ஒட்டி இருக்கும். லூப்ரிகன்டில் 380-க்குள் இருப்பது நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது என்று 2012-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பாட்டிலின் மேல் அந்த எண்ணைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. வாங்குபவர் செய்யக்கூடியது, கிளிசரின் முதல் வரிசையில் இருக்கும் பாட்டிலையும், சூடேற்றும், குளிரவைக்கும், பழ வாசனை தரும் ரகங்களையும் ஒதுக்குவதுதான்.

"அதுக்குத் தேங்காய் எண்ணெயே போதுமே" என்பார்கள். ஆணுறை இல்லாத உறவில் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. லேடெக்ஸ் ஆணுறையோடு மட்டும் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவானாலும் எண்ணெய் லேடெக்ஸை நைய வைத்துவிடும். கனிம எண்ணெய் பட்டு ஒரே நிமிடத்தில் ஆணுறை தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். சிலிக்கான் அடிப்படையிலான லூப்ரிகன்டால் லேடெக்ஸுக்குத் தொல்லை இல்லை.

இனி பி.எஸ்.ஏ. விந்துவே ஒத்துக்கொள்ளாத பெண்களும் உண்டு. நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் 1958-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். கூழை நீராக்கும் அந்த நொதிதான் இங்கே முக்கியமான ஒவ்வாமைப் பொருள். நாயின் புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதமும் இதே சாயலில் இருப்பதால், நாய் ஒவ்வாமை உள்ள சில பெண்களுக்கு விந்துவும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது! விந்து பட்ட இடத்தில் அரை மணி நேரத்துக்குள் எரிச்சலும் வீக்கமும் வரும்; ஆணுறை அணிந்தால் வரவே வராது. நம் தம்பதியின் கதைக்கு இது நேர் எதிர். அரிதான நோய்தான். ஆனாலும் தீராத தொற்று என்று தவறாகக் கணிக்கப்படுவது உண்டு. குழந்தை வேண்டுமென்றால் கழுவிப் பிரித்த உயிரணுக்களைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் வழி இருக்கிறது. சிறிது சிறிதாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. மருத்துவமனையில் வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எரிச்சலை ஒவ்வாமை என்று நாமே தீர்மானித்துவிடவும் கூடாது. தயிர்த் திப்பி போன்ற கசிவுடன் அரிப்பு, நாள் முழுக்க நிற்கும் மீன் வாடை, மஞ்சளாகவோ பச்சையாகவோ படுதல், கொப்புளம், அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப் பின் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை வேண்டும். கர்ப்பிணிக்குத் தண்ணீர்போல ஒழுகிக்கொண்டே இருந்தால் அதை விந்து என்று எண்ணி வீட்டில் இருக்கக் கூடாது. அது பனிக்குட நீராக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது ஆணுறையின் அட்டை, ஜெல் டியூப், கழுவப் பயன்படுத்தும் பாட்டில் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நாள் உறவு, எத்தனை மணி நேரத்தில் எரிச்சல், அன்று எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் கேட்கத் தயங்கினாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.