பெரியப்பாவின் பென்டிரைவ்

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா மாதத்துக்கு எட்டுப் பத்துப் புத்தகம் படிப்பவர். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்து அவருக்குச் சிரமமாகிவிட்டது. "எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கலாமாமேப்பா, அப்படி ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். ஆறு அங்குல இ-ரீடர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாவல்களை அதில் ஏற்றினோம். திண்ணையில் மதிய வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் இரண்டையும் முடித்துவிட்டார்.

திண்ணையில் படிக்க முடிந்ததற்குக் காரணம் அந்தத் திரைதான். இ-ரீடர் திரைக்குள் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்சாரம் தொட்டதும் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அப்படியே நிற்கும். ஆகவே நாம் பார்ப்பது காகிதத்தைப் போலவே வெளியிலிருந்து விழுந்து திரும்பும் ஒளியைத்தான். வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறது. டேப் திரை தானே ஒளிவிடுவது. வெயிலோடு அது போட்டி போட வேண்டும், அந்தப் போட்டியில் தோற்கும்.

இரண்டாவது வாரம் பெரியப்பா ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். பல வருடமாக அவர் சேர்த்த உரைநூல்கள், பழைய இலக்கிய வரலாறுகள், நின்றுபோன பத்திரிகைகளின் இதழ்கள். எல்லாமே நூலகங்கள் ஸ்கேன் செய்து வைத்த பிடிஎஃப். இ-ரீடரில் திறந்து பார்த்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கேப்பா" என்றார்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். டெமி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலத் திரையின் உயரம் 12 செ.மீ. சொச்சம்தான். முழுப் பக்கமும் உள்ளே வர வேண்டுமானால் பாதியை ஒட்டிச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். ஓரங்களை வெட்டினால் 8 பாயின்ட் வரை தேறலாம், கண்புரை எடுத்த கண்ணுக்கு அதுவும் போதாது. பெரிதாக்கி விரலால் நகர்த்திப் படிக்கலாம் என்றால், துகள்கள் இடம் மாற நேரம் எடுக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை தயங்கி, ஒருமுறை கறுத்து வெளுக்கும். நாலு பக்கத்தில் பொறுமை போய்விடும். மஞ்சளாய்ப் பழுத்த தாளின் ஸ்கேன் வேறு சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் கொஞ்சம் பரவாயில்லை.

இபப் கோப்பாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் உட்காரும். ஸ்கேன் பிடிஎஃப் என்பதோ பக்கத்தின் புகைப்படம். மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களும் மங்கிய அச்சும் உள்ள பக்கத்தை எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் வரிக்கு வரி பிழை வரும். செய்யுளும் உரையும் படிப்பவருக்கு அது உதவாது. ஸ்கேன் அல்லாத, பழைய தட்டச்சு எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களும் உண்டு. அவற்றில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராமல் கண்டபடி குறிகள் வந்தால் அதுவும் எளிதில் மாறாது.

ஆகவே வாங்கும் முன்பே அந்தப் பென்டிரைவை நான் திறந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்து படிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி மடிகிறதா, பக்கமே வீங்கித் திரைக்கு வெளியே போகிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலும் மடிந்தால் இ-ரீடர். ப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் தமிழ் இபப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோபோ கருவியில் இபப் நேரடியாகத் திறக்கும். கிண்டிலில் கேபிள் வழியாகப் போட்டால் திறக்காது, Send to Kindle மூலம் அனுப்பினால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

பக்கம் வீங்கினால் பத்து அங்குல டேப். அதில் டெமி பக்கம் ஏறக்குறைய அசல் அளவிலேயே வரும், கிள்ளிப் பெரிதாக்கினால் உடனே நகரும். அதே அளவில் இ-ரீடர்களும் இருக்கின்றன, ஆனால் விலை பெரும்பாலும் சாதாரண டேப்பைவிட அதிகம்.

டேப்பில் கவனிக்க வேண்டியது கண்ணாடிப் பளபளப்பு. தெரிந்தவரிடம் ஒரு டேப்பை வாங்கி அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். கறுத்த திரையில் ஜன்னலோ டியூப்லைட்டோ தெரிந்தால், படிக்கும்போதும் அது எழுத்தின் மேல் நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டினாலும் முழுதாகப் போகாது. மேட் பிலிம் ஒட்டினால் அந்த உருவம் கலைந்து வெறும் வெளுப்பாகும், அதற்குப் பதில் எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறையும்.

பெரியப்பாவுக்கு ஒரு டேப் வாங்கினோம். பிலிம் ஒட்டவில்லை, நாற்காலியைத்தான் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டோம். காலையில் அங்கே உரைநூல். வெயில் ஏறியதும் இ-ரீடரை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறார்.