பட்டம் முடிந்த பின் ஓடும் கடிகாரம்: வெளிநாட்டுக் கல்விக்கு நாட்டைத் தேர்வது எப்படி?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு தந்தையும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தனர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். மகள் கணினிப் பொறியியல் பட்டதாரி. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முப்பது இலட்ச ரூபாய் கல்விக் கடனுக்கு வீட்டுப் பட்டாவை அடமானம் வைக்கும் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் என்னிடம் கேட்டது.

“படிப்பு முடிஞ்சதும் ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம்னு சொன்னாங்க” என்றார் தந்தை. அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டேன். இருவரிடமும் பதில் இல்லை. அவர்களை அனுப்பிவைக்க முன்வந்த முகவரிடமும் அதை யாரும் கேட்கவில்லை.

நாட்டைத் தேர்வோர் வழக்கமாகப் பார்ப்பது பல்கலைக்கழகத் தரவரிசையையும் கட்டணத்தையும்தான். பட்டம் பெற்றுத் திரும்புவதே நோக்கமென்றால் அது போதும். அந்நாட்டிலேயே நிலையான தொழில் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது நோக்கமென்றால், வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அந்நாட்டுச் சட்டம் நிரந்தர வதிவுரிமையை எந்த நிபந்தனைகளில் தருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய படியான வேலை அனுமதி, அதற்கும் முந்தைய வேலை தேடும் காலம் என்று பின்னோக்கி நடந்து கடைசியாகவே படிப்புக்கு வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அவற்றுள் எது நிரந்தர உரிமையை நோக்கி ஓடுகிறது, எது வெறுமனே ஓடி நின்றுவிடுகிறது என்பதே கேள்வி.

அந்தப் பெண்ணின் நிலையில் நின்று பிரிட்டனைப் பார்ப்போம். ஓராண்டுப் படிப்புக்குப் பின் ‘கிராஜுவேட் விசா’ இரண்டாண்டுக்குக் கிடைக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. இந்த விசாவில் எந்த வேலையும் செய்யலாம்; ஆனால் இதை நீட்டிக்க இயலாது. முகவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு: வேலைவழி நிரந்தரக் குடியிருப்புக்குத் தேவையான ஐந்தாண்டுக் கணக்கில் இக்காலம் சேராது. அந்தக் கணக்கு ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கு மாறிய நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு, வெளிநாட்டவரை அமர்த்த உரிமம் பெற்ற முதலாளி ஒருவர் வேண்டும். 2025 ஜூலை முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அந்தப் பணிக்கென வகுத்த சம்பள விகிதம் அதைவிட அதிகமானால் அதையே எட்ட வேண்டும்.

புதிதாகப் பணிக்கு வருவோருக்கு ஒரு சலுகை உண்டு; அவர்களுக்கு 33,400 பவுண்டிலிருந்து அனுமதி கிடைக்கலாம். ஆனால் அந்தச் சலுகை மொத்தம் நான்காண்டுதான், அந்த நான்கில் கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் கழிக்கப்படும். இரண்டாண்டை ஒரு கிடங்கிலோ உணவகத்திலோ கழித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் மென்பொருள் வேலைக்கு மாறுபவருக்குச் சலுகைக் காலம் பாதி தீர்ந்திருக்கும். எஞ்சிய இரண்டாண்டுக்குள் முழுச் சம்பள வரம்பை எட்டாவிட்டால் விசா நீளாது. படிப்பு ஒன்று, கிராஜுவேட் விசா இரண்டு, வேலை விசா ஐந்து என எல்லாம் இடறின்றி நடந்தாலும் எட்டாண்டு. அந்த ஐந்தைப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் பிரிட்டன் அரசு முன்வைத்தது. இதே நேரத்தில் கடன் தவணையும் தொடங்கிவிடும். படிப்புக்குப் பின் ஓராண்டு அவகாசம் என்பதே நம் வங்கிகளின் பொதுவழக்கம். வேலை தேடும் கடிகாரமும் வங்கியின் கடிகாரமும் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் நம் பிள்ளைகள் கிடைத்த வேலையில் போய் உட்கார்கிறார்கள். துறைசார்ந்த வேலைக்குக் காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

இப்போது அதே பெண்ணை ஜெர்மனியில் வைத்துப் பார்ப்போம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் விதிக்கிறது. ‘கட்டணமில்லாத நாடு’ என்ற விளம்பரம் மறைக்கும் தடை வேறு. விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பணம் நம்முடையதுதான், மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனால் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்ச ரூபாயை மொத்தமாகத் திரட்டுவது கூலி உழைப்பில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல. இந்திய மாணவர்கள் தம் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏ.பி.எஸ். சான்றும் பெற வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கலாம் என்பதால் அதைக் கடைசி நேரத்துக்கு விடக் கூடாது.

அவர் 2026 அக்டோபரில் சேர்கிறார் என்று கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பு, ஆய்வேட்டால் ஒரு பருவம் நீண்டு 2029 மார்ச்சில் முடிகிறது. வதிவிடச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை தருகிறது. அந்தக் காலத்தில் பிழைப்புக்கு எந்த வேலையும் செய்யலாம். எட்டு மாதம் தேடி 2029 நவம்பரில் வேலையில் அமர்கிறார். சம்பளம் உரிய வரம்பைத் தாண்டினால் ‘நீல அட்டை’ கிடைக்கும். 2025இல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. பட்டம் பெற்று மூன்றாண்டுக்குள் இருப்போருக்கும் ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் அதைவிடக் குறைவு, சுமார் 43,760 யூரோ. ஆண்டுதோறும் இது உயரும் என்பதால் 2029இல் இருக்கும் எண்ணைத்தான் அவர் எட்ட வேண்டும்.

நீல அட்டையோடு 27 மாதம் பணியாற்றி, ஓய்வூதிய நிதிக்கும் செலுத்தி, எளிய ஜெர்மன், அதாவது ஏ1 நிலை, தெரிந்திருந்தால் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மொழி பி1 நிலையில் இருந்தால் 21 மாதம் போதும். 2029 நவம்பரிலிருந்து எண்ணினால், பி1 உள்ளவருக்கு 2031 ஆகஸ்ட். ஏ1 மட்டும் உள்ளவருக்கு 2032 பிப்ரவரி. சம்பளம் வரம்பை எட்டாமல் போனாலும் கதவு மூடுவதில்லை. சாதாரணத் திறன்பணியாளர் உரிமத்தில், ஜெர்மன் பட்டம் பெற்றவர் இரண்டாண்டில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த வழியில் பி1 கட்டாயம். வந்திறங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டுக்குச் சற்றே கூடுதல். அந்தச் சட்டம் மொழிக்கு மாதக்கணக்கில் விலை வைத்திருக்கிறது. விலை தெரிந்த பிறகும் பலர் அதை வாங்குவதில்லை.

தவறு நிகழ்வதும் அங்கேதான். ஆங்கிலவழி முதுகலை கிடைப்பதால், ஜெர்மன் மொழியைப் பட்டத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பல நிறுவனங்களில் நேர்காணலே ஜெர்மனில் நடக்கிறது. 18 மாதத்தில் முதல் பாதி மொழி வகுப்பிலும் அடுத்த பாதி அஞ்சல் விநியோகத்திலும் கரைந்தால் 20ஆம் பிரிவு மறுபடி கைகொடுக்காது. ஆகவே முதல் பருவத்திலிருந்தே மொழிக்கு வாரத்தில் நேரம் ஒதுக்க வேண்டும். துறை நிறுவனம் ஒன்றில் பகுதிநேரப் பணியும் தேட வேண்டும். ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு. இன்னொரு தவறு, நம்மூர் முகவர்கள் தள்ளிவிடும் கட்டணத் தனியார் கல்லூரிகள். நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்பதை hochschulkompass.de தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே பெயர் இல்லையென்றால் பணம் கட்ட வேண்டாம்.

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டத்துக்குப் பின் 12 மாதம் பயிற்சிப் பணி, அறிவியல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம். பிறகு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புள்ள எச்-1பி. அதையும் தாண்டியவருக்கு முன்னே நிற்பது வேலைவழி நிரந்தர உரிமையில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு. 2025இல் இந்தியர்களுக்கான முதுகலைப் பிரிவு வரிசையில் 2013இல் இடம்பிடித்தோரின் முறையே நடந்துகொண்டிருந்தது. இந்த வரம்பு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. வேறு நாட்டுக் குடிமகனாக மாறினாலும் வரிசை மாறாது. பிறப்பு விதிக்கும் வரிசை எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாடத்துறையும் நாட்டைப் போலவே முக்கியம். கணினி, இயந்திரவியல், தரவியல் போன்றவை எல்லை தாண்டும். என் துறையான சட்டம் தாண்டாது. ஜெர்மனியில் வழக்குரைஞராக அரசுத் தேர்வுகள் இரண்டை ஜெர்மன் மொழியில் முடிக்க வேண்டும், ஓராண்டு எல்.எல்.எம். அதற்கு ஈடாகாது.

உதவித்தொகையின் நிபந்தனையைப் பலர் கடைசியில்தான் படிக்கிறார்கள். பிரிட்டனின் செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் தாயகத்துக்குக் குறைந்தது ஈராண்டு திரும்ப வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு உதவியில் அமெரிக்கா செல்வோருக்கும் ஈராண்டுத் தாயகவாச விதி உண்டு. அதைக் கழிக்காமல் எச்-1பியோ நிரந்தர உரிமையோ கேட்க இயலாது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்களும் எட்டு இலட்ச ரூபாய்க் குடும்ப வருமான வரம்பும் கொண்டது. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் தாயகம் திரும்புதல் பற்றியும் பிணைப்பத்திரம் பற்றியும் உள்ள வரிகளைக் கையொப்பத்துக்கு முன் படித்தாக வேண்டும். 1913இல் கொலம்பியா செல்ல பரோடா சமஸ்தானத்தின் உதவியைப் பெற்ற அண்ணல் அம்பேத்கர், பத்தாண்டு அங்கே பணியாற்றும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தார். அதை நிறைவேற்ற 1917இல் பரோடா சென்றவருக்குத் தங்க இடம் தர அந்நகரில் ஆளில்லை. சில நாட்களில் வெளியேற நேர்ந்தது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மட்டுமே கட்டுண்டு கிடப்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் பிரிட்டன் இடத்தை விட்டுவிட்டார். முன்பணம் திரும்பவில்லை. பட்டா வீட்டிலேயே இருக்கிறது. ஓராண்டு தள்ளிப்போட்டு, சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார். ஏ1 முடிந்து ஏ2 நடக்கிறது. ஏ.பி.எஸ். சான்று வந்துவிட்டது. முடக்கக் கணக்குக்கு வேண்டிய தொகையில் பாதி இன்னும் சேரவில்லை.