பாஸ்புக்கில் 1,900 ரூபாய், மீதி எங்கே?

"நம்ம குழுவுல 24,000 ரூபா சேந்திருக்குன்னு சொல்றீங்க. பேங்க் பாஸ்புக்குல 1,900தான் இருக்கு. பாக்கி எங்கக்கா போச்சு?"

மகளிர் சுய உதவிக் குழுக்களில் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். கேட்பவர் சந்தேகப்பட்டுக் கேட்கலாம், தெரிந்துகொள்ளவும் கேட்கலாம். எதுவானாலும் ஊக்குநருக்கு முகம் சுருங்கிவிடும். கோபப்பட்டு நோட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. மாத அட்டவணையை எப்படிப் படிப்பது என்று உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது அதைவிட நல்ல வழி. அப்படி ஒரு கடிதத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மாதிரிக் குழுவை வைத்துப் பார்க்கலாம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, உள்கடனுக்கு இரண்டு வட்டி, இப்போது பத்தாவது மாதக் கூட்டம் முடிந்திருக்கிறது. எண்கள் கணக்கு புரிவதற்காக எளிமையாக்கப்பட்டவை.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கெழுத்துக்கு வயது முப்பதுக்கு மேல். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அடகு வைக்க ஒன்றுமில்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் தரும்? ஒழுங்காகக் கூட்டம் நடக்கிறதா, சேமிப்பு சேர்கிறதா, உள்ளுக்குள் கொடுத்த கடன் திரும்பி வருகிறதா என்றுதான் பார்க்கும். மாத அட்டவணை அந்தக் கேள்விகளுக்கான பதில்.

கடிதம் இப்படித் தொடங்கலாம்: "அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். இந்த மாதக் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் கடைசி வரியைப் பாருங்கள்."

கடைசி வரியிலிருந்து தொடங்குவதில் ஒரு காரணம் இருக்கிறது. குழுவின் பணம் மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: வங்கியில், கையிருப்பில், உறுப்பினர்கள் வாங்கிய கடனில். அந்தப் பணம் வந்த வழியோ இரண்டுதான்: சேமிப்பு, வட்டி. வந்த வழிகளின் கூட்டுத்தொகையும் இருக்கும் இடங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அபராதமும் செலவும் இருந்தால் அவற்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். நம் குழுவில் இப்போதைக்கு இரண்டும் இல்லை.

ஒன்பதாம் மாத முடிவில் சேமிப்பு 21,600, வட்டி வரவு 1,400, ஆக 23,000. அதில் 21,000 கடனாக வெளியே நின்றது. வங்கியில் 1,900, பெட்டியில் 100. சரியாக இருக்கிறது. பத்தாம் மாதக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் சேமிப்புக் கட்டினார்கள், 2,400. கடன் வாங்கியவர்களிடமிருந்து அசல் 2,400 திரும்பியது, வட்டி 360 வந்தது. பெட்டியில் இருந்த 100-ஐயும் சேர்த்தால் பாயில் 5,260 ரூபாய். அதிலிருந்து ஓர் உறுப்பினருக்கு ஆடு வாங்க 5,000 கொடுத்தார்கள். கையில் மிஞ்சியது 260.

இப்போது மறுபடி கூட்டிப் பார்க்கலாம். கடன் 21,000-இல் 2,400 குறைந்து, 5,000 கூடி, 23,600. வங்கியில் அதே 1,900. கையில் 260. மொத்தம் 25,760. மறுபக்கம் சேமிப்பு 24,000, வட்டி 1,760. அதுவும் 25,760. "பாக்கி எங்கே" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். பணம் காணாமல் போகவில்லை, உறுப்பினர்களின் வீடுகளில் ஆடாகவும் பள்ளிக் கட்டணமாகவும் இருக்கிறது. வங்கியில் நிறையப் பணம் தூங்கினால்தான் குழு கவலைப்பட வேண்டும்.

கடிதத்தின் அடுத்த பகுதி, ஆடு வாங்கியவருக்கு. பத்து மாதத் தவணை, மாதம் 500 அசல். முதல் மாதம் 5,000-க்கு வட்டி 100, ஆகவே 600 கட்டுவார். இரண்டாம் மாதம் மீதி அசல் 4,500-க்கு மட்டும்தான் வட்டி, 90. ஆகவே 590. இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கடைசி மாதம் 510. மொத்த வட்டி 550.

வெளியில் அதே இரண்டு வட்டிக்கு, கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடுகிறவரிடம் வாங்கினாலும் முதல் மாதம் 600தான். ஆனால் பத்து மாதமும் 600. வட்டி மட்டும் 1,000. முதல் தவணை ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டாம் தவணையைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அட்டவணையில் 'மீதி அசல்' என்ற கட்டம் தனியாக இருப்பது இதற்காகத்தான்.

அட்டவணை சரியாகக் கூடினாலே கணக்கு நேர்மையானது என்று சொல்லிவிட முடியாது. இதை நல்ல ஊக்குநர் தானே எழுதுவார். தவணை தவறியவர் பெயருக்குப் புதுக் கடன் கொடுத்ததாக எழுதி, அதே நாளில் பழைய கடன் தீர்ந்ததாகக் காட்டினால் கூட்டுத்தொகை மாறாது. நிலுவை மட்டும் மறைந்துவிடும். ஒரே பெயரில் ஒரே நாளில் கடன் முடிந்து, ஏறக்குறைய அதே தொகைக்குப் புதுக் கடன் தொடங்கியிருந்தால் கேட்க வேண்டும். கையிருப்பு மாதாமாதம் பெரிதாகவே இருந்தால் அதை வங்கியில் போடாத காரணத்தைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் பாஸ்புக்கைக் குழுவின் தனிநபர் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விட எளிய சோதனை. கூட்டத்தில் பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு எழுதுவதும் நல்ல பழக்கம். எண்ணாமல் எழுதும் நோட்டில் கையிருப்பு என்பது வெறும் கழித்தல் கணக்கு.

இந்த மாதக் கணக்கிலும் ஒரு நிலுவை இருக்கிறது. 21,000 கடனுக்கு வட்டி 420 வந்திருக்க வேண்டும், வந்தது 360. 3,000 ரூபாய் மீதி வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் வரவில்லை. அவர் கட்ட வேண்டிய வட்டி 60, அசல் தவணை 500. வராத அந்த 60-ஐ வட்டி வரவில் எழுதக் கூடாது. எழுதினால் பெட்டியில் இல்லாத பணம் நோட்டில் இருக்கும், கடைசி வரி இடிக்கும். அதற்கென்று உள்ள 'தவணை தவறியது' என்ற கட்டத்தில் 560 என்று எழுதினால் போதும். பெயரைக் கடிதத்தில் போடுவதா வேண்டாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். நாலு பேர் படிக்கும் காகிதத்தில் போடாமல், கூட்டத்தில் நேரில் பேசுவதே மரியாதை என்று தோன்றுகிறது.

அடுத்த மாதம் அவர் வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? இரண்டு தவணை அசல் 1,000. அசல் குறையாததால் 3,000-க்கு இரண்டு மாத வட்டி 120. ஆக 1,120. அவரால் 400தான் முடியும் என்றால், முதலில் வட்டி 120-ஐக் கழித்து, மிச்சம் 280-ஐ அசலில் வரவு வைப்பது வழக்கம். மீதி அசல் 2,720. தவறிய தவணைக்கு அபராதம் உண்டா, தவணையை நீட்டித் தரலாமா என்பதை ஊக்குநர் தனியாக முடிவு செய்ய முடியாது. அதனால் கடிதம் இப்படி முடியலாம்: "இதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். வரும்போது அவரவர் பாஸ்புக்கைக் கொண்டுவாருங்கள்."