கணக்கை ஒருவர் திருத்தும்போதே இன்னொருவர் படிப்பது எப்படி?

கணக்கில் 5,000 ரூபாய். ஒரு பரிவர்த்தனை அதை 3,000 ஆக்குகிறது; இன்னும் முடியவில்லை. அந்த நொடியில் நீங்கள் இருப்பைக் கேட்டால்? காத்திருக்காமலே 5,000 என்று பதில் வரும். எப்படி?

மளிகைக்கடை நோட்டை நினைத்துப் பாருங்கள். பழைய வரியை ரப்பரால் அழிப்பதில்லை. அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அப்படித்தான். ஒவ்வொரு வரியிலும் எழுதிய பரிவர்த்தனையின் எண் `xmin`, அடித்ததன் எண் `xmax`.

நீங்கள் கேட்கும் கணத்தில் எந்தெந்தப் பரிவர்த்தனைகள் முடிந்திருந்தன என்று அது குறித்துக்கொள்ளும். 3,000 எழுதியது இன்னும் முடியவில்லையே! ஆகவே அடித்த வரிதான் உங்கள் கண்ணில் படும்.

ஒரே வரியைத் திருத்த இருவர் வந்தால் மட்டும் இரண்டாமவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

பழைய வரிகள் என்ன ஆகும்? யாருக்கும் தேவையில்லை என்றானதும் `VACUUM` அந்த இடத்தை விடுவிக்கும். திருத்தத்தைப் பாதியில் விட்டு டீ குடிக்கப் போனீர்களோ, பழைய வரிகளை விடுவிக்க முடியாமல் நோட்டு ஊதிக்கொண்டே போகும்.