நாலு நொடியில் ஒரு வசனம்

தமிழும் ஆங்கிலமும் நன்றாக வரும், இதை வைத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சப்டைட்டில் வேலை ஒரு நல்ல நுழைவாயில். ஆனால் இரண்டு மொழி தெரிந்தவர்களில் பலர் முதல் தேர்விலேயே தோற்பதும் இங்கேதான். பெரும்பாலும் மொழியால் அல்ல, கடிகாரத்தால் தோற்கிறார்கள்.

ஒரு தமிழ்ப் படத்தில் அம்மா மகனைப் பார்த்துச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "ஏண்டா, காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடாம அலையறியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்? வந்து ரெண்டு இட்லியாவது தின்னுட்டுப் போ." படபடவென்று நாலு நொடியில் சொல்லி முடித்துவிடுகிறாள். இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலமாக்கினால் 150 எழுத்தைத் தாண்டும். பார்ப்பவரோ படிக்கவும் வேண்டும், நடிகையின் முகத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே நொடிக்கு 17 எழுத்து என்பது பரவலாக உள்ள கணக்கு. சிலர் 20 வரை அனுமதிப்பார்கள். இடைவெளியும் புள்ளியும் இதில் சேர்த்தி. நாலு நொடிக்கு 68 எழுத்துதான் இடம். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் வரக்கூடாது. ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் அளவு.

ஆக, எதை விடுவது? "ஏண்டா" என்பது அவள் குரலிலேயே இருக்கிறது, விடலாம். உடம்பு பற்றிய கேள்வி அக்கறைதான். அது முகத்தில் தெரிகிறது. சாப்பிடவில்லை என்பதும் சாப்பிட்டுப் போ என்பதும் போனால்தான் கதை போகும். இட்லியை நான் விடமாட்டேன், அதை வேறு ஏதோ பலகாரமாக மாற்றவும் மாட்டேன். கோப்பில் அது இப்படி இருக்கும்:

```
214
00:12:07,200 --> 00:12:11,200
You haven't eaten all day.
Have an idli before you go.
```

முதலில் வரிசை எண், அடுத்து வசனம் தோன்றும், மறையும் நேரம், பிறகு வசனம். மொத்தம் 53 எழுத்து, நொடிக்குப் பதின்மூன்றுதான். இரண்டு வாக்கியமும் ஆளுக்கொரு வரியில் நிற்பதையும் பாருங்கள். பெயர்ச்சொல்லை ஒரு வரியிலும் அதன் அடைமொழியை மேல் வரியிலும் பிரித்துப்போட்டால் கண் தடுமாறும். திருத்துநர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு Subtitle Edit என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு வரிக்கும் நொடிக்கு எத்தனை எழுத்து என்று காட்டும், அளவு மீறினால் நிறம் மாறும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்தால் கோப்பை UTF-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் திறக்கும்போது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும்.

மாதிரி காட்ட என்ன செய்வது? குறும்பட இயக்குநர்களை அணுகுங்கள். வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் அனுப்ப அவர்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும், கையில் காசு குறைவு. பத்து நிமிடப் படம் ஒன்றிரண்டைக் குறைந்த தொகைக்குச் செய்து, படத்தின் இறுதியில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். சான்றிதழைவிட அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

கூலி விஷயத்தில் எழுத்து மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கு. சப்டைட்டிலுக்குப் படம் ஓடும் நிமிடக் கணக்கு. நீங்கள் உழைத்த நேரத்துக்கு அல்ல. ஒரு கணக்குக்கு, நிமிடத்துக்கு 50 ரூபாய், படம் 120 நிமிடம் என்று கொள்ளுங்கள். 6,000 ரூபாய். புதியவருக்கு ஒரு நிமிடப் படத்துக்குப் பத்து நிமிடம் பிடித்தால் மொத்தம் 20 மணி நேரம், மணிக்கு 300 ரூபாய் விழும். ஆனால் நேரக்குறிப்பையும் நீங்களே போட வேண்டுமென்றால் வேலை இரட்டிப்பாகலாம். அப்போது மணிக்கு 150 ரூபாய்தான். எனவே தொகை பேசும் முன், "நேரம் குறித்த கோப்பு தருவீர்களா, நானே குறிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வசனம் எழுதிய பிரதி கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் வட்டார வழக்கைக் காதால் மட்டும் கேட்டுப் பிரிப்பது நேரத்தை விழுங்கும். தொகை, கெடு, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்ற மூன்றும் மின்னஞ்சலில் எழுத்தாக இருக்கட்டும். வெளிவராத படத்தின் ஒரு காட்சியைக்கூட வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். அதோடு அந்த வாசல் மூடிவிடும்.

சம்பளமில்லாத தேர்வு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். ஒன்றிரண்டு நிமிடக் காட்சி அல்லது இரண்டு மூன்று பத்தி என்றால் செய்யலாம். அரை மணி நேரப் படத்தை முழுதாக அனுப்பி "தேர்வு" என்றால் அது இலவச வேலை, மறுத்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று உங்களிடம் பணம் கேட்பவரிடம் வேலையே இருக்காது; அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.