காய்ந்தாலும் போகாத காட்மியம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டியடியில் சேரும் கசடில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். அதை அப்படியே வயலுக்குக் கொண்டுபோனால், ஒரு டன் திடப்பொருளுக்காக 100 டன் சுமக்க வேண்டும். தொட்டியில் படியவிட்டுக் கெட்டியாக்கி, திடப்பொருளை 5 சதவீதம் ஆக்கினால் அந்த 100 டன் 20 டன்னாகக் குறையும். மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 4 டன். வெயிலில் 90 சதவீதம் வரை காய்ந்தால் ஒரு டன்னைச் சற்றே தாண்டும். கசடை உரமாக்கும் வேலையில் செலவின் பெரும்பகுதி இப்படித் தண்ணீரைப் பிரிப்பதிலேயே போய்விடுகிறது.

அந்தத் தண்ணீர் எளிதில் விலகாது. கசடு என்பது பெரும்பாலும் நுண்ணுயிர்களின் உடல்கள். அவை நீரைத் தங்களுக்குள்ளும் தங்களைச் சுற்றியும் பிடித்துவைத்திருக்கும். அதனால் இயந்திரத்துக்குள் விடும் முன் பாலிமர் கரைசல் சேர்க்கிறார்கள். அது நுண்துகள்களைத் திரளைகளாக ஒட்டவைத்து நீரை விடுவிக்கிறது. பாலிமர் குறைந்தால் பிரிந்து வரும் நீர் கலங்கிக் கருக்கும். கூடினால் வெளிவரும் ‘கேக்’ வழவழவென்று ஒட்டும், காசும் வீணாகும். அனுபவமுள்ள ஆபரேட்டர் பிரிந்து வரும் நீரின் நிறத்தைப் பார்த்தே அளவைத் திருத்திவிடுவார்.

இயந்திரம் வாங்க வசதியில்லாத ஊர்களில் மணல் படுகைதான். சரளையும் மணலும் பரப்பிய படுகையில் கசடை 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடுவார்கள். முதல் சில நாட்களில் பாதிக்கு மேல் நீர் மணல் வழியே கீழே வடிந்துவிடும். மீதியை வெயில் எடுக்கும். வறண்ட காலத்தில் இரண்டு வாரங்கள் போதும், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். மேலே வெடிப்பு விழுந்துவிட்டதென்று அவசரப்பட்டு அள்ளினால் அடியில் சேறு இருக்கும். வெடிப்பு மணல் வரை இறங்கி, கட்டிகள் மண்வெட்டியில் உதிராமல் எழும்ப வேண்டும். நாற்றமும் ஈயும் மொய்த்தால், கசடு முன்பே சரியாகச் செரிக்கப்படவில்லை என்று பொருள்.

காய்ந்துவிட்டால் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கிருமிகளைப் பொறுத்தவரையிலேயே அது முழு உண்மை அல்ல. குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை வெறும் உலர்தலுக்கு அஞ்சாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை அழிக்க வெப்பம் வேண்டும். கம்போஸ்ட் வரிசைகளாகக் குவித்து 55 பாகை செல்சியஸில் 15 நாள் வைத்து, இடையே ஐந்து முறை புரட்டுவது அமெரிக்க விதி சொல்லும் ஒரு வழி. ஆமதாபாத் மாநகராட்சி, நாளொன்றுக்கு 100 டன் காய்ந்த கசடின் மீது கோபால்ட்-60 கதிர்வீச்சைச் செலுத்திக் கிருமி நீக்கும் நிலையம் அமைத்திருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பம் அது.

ஆனால் காட்மியம், ஈயம், நிக்கல் ஆகியவற்றை வெயிலும் அசைக்காது, கதிர்வீச்சும் அசைக்காது. தனிமங்கள் அழிவதில்லை. இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பைக் கம்போஸ்ட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், நிக்கல் 50, ஈயம் 100, துத்தநாகம் 1000. கசடை மதிப்பிடவும் இதையே அளவுகோலாகக் கொள்வது பாதுகாப்பான வழி.

இனி ஒரு கணக்கு. செரிக்கும் தொட்டிக்குள் போகும் கசடில் 1000 கிலோ உலர் பொருளும் அதில் 4 கிராம் காட்மியமும் இருப்பதாகக் கொள்வோம். அதாவது கிலோவுக்கு 4 மில்லிகிராம், வரம்புக்குள்தான். அந்த ஆயிரத்தில் 700 கிலோ கரிமப் பொருள். காற்றில்லாத தொட்டியில் அதில் பாதி எரிவாயுவாக மாறிப் போய்விட்டால், மிஞ்சுவது 650 கிலோ. காட்மியமோ அதே 4 கிராம். இப்போது கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். நல்ல முறையில் செரித்ததாலேயே கசடு வரம்பைத் தாண்டிவிட்டது! தொட்டிக்குள் போகும்போது எடுத்த சோதனையை நம்பி உரத்தை விற்பது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்து அறியலாம். சோதிக்க வேண்டியது இறுதிப் பொருளை.

அறிக்கையிலும் ஒரு பொறி உண்டு. இயந்திரத்திலிருந்து வந்த ஈரக் கேக்கில் 20 சதவீதம்தான் திடப்பொருள். ஈரத்தோடு எடைபோட்டுக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் என்று எழுதினால் நிம்மதியாக இருக்கும். உலர் எடையில் அது 10. ஆகவே அறிக்கையில் ‘உலர் எடை அடிப்படையில்’ என்று எழுதியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மாதிரியைக் குவியலின் ஒரு மூலையில் அள்ளாமல் பல இடங்களிலும் ஆழங்களிலும் எடுத்துக் கலந்திருக்கவும் வேண்டும். சிலர் மண்ணையோ குப்பையையோ கலந்து எண்ணைக் குறைப்பார்கள். செறிவு குறையும், அதிகம் கொட்ட நேர்வதால் வயலுக்குப் போகும் காட்மியம் குறையாது.

வயலில் இதன் பொருள் என்ன? ஓர் ஏக்கரில் உழவுப் படலத்து மண் ஏறத்தாழ 900 டன். வரம்புக்குள் உள்ள, கிலோவுக்கு 4 மில்லிகிராம் காட்மியம் கொண்ட உரத்தை ஆண்டுக்கு 2 டன் போட்டால் 8 கிராம் காட்மியம் சேரும். கிலோ மண்ணுக்கு 0.01 மில்லிகிராம்கூட இல்லை. பத்தாண்டு போட்டாலும் 0.1-க்குள்தான். அதே உரத்தில் 30 மில்லிகிராம் இருந்தால் பத்தாண்டில் 0.67 மில்லிகிராம். மாசுபடாத மண்ணில் காட்மியம் பெரும்பாலும் 0.5-க்குக் கீழேதான் இருக்கும். சேர்ந்தது திரும்ப எடுக்க முடியாமல் அங்கேயே தங்கும். மண் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால், நீலகிரித் தோட்டங்களில் இருப்பதுபோல, காட்மியம் வேரோடு எளிதில் ஏறும். கீரைகள் அதை இலையில் சேர்த்துவைக்கும். ஈயம் அவ்வளவு நகராது. அதனால் மண்ணின் அமிலநிலை தெரியாமல் வெறும் உரச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

உரமாக இது நல்ல பொருளே. செரித்த கசடில் தழைச்சத்து பொதுவாக 3 சதவீதத்துக்கு மேல். மணிச்சத்தும் நிறைவாக உண்டு. தழைச்சத்து மெல்ல மெல்லத்தான் விடுபடும் என்பதையும், சாம்பல்சத்து நீரோடு போய்விடுவதால் பொட்டாஷைத் தனியே இட வேண்டும் என்பதையும் உழவர் மனதில் கொள்ள வேண்டும்.

உலோகம் வந்த வழியை அடைப்பதே உண்மையான தீர்வு. மின்முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைக்கும் கொட்டகை, தோல் பதனிடும் சிறு தொழில் ஆகியவற்றின் கழிவுநீர் நகரச் சாக்கடையில் கலந்தால் பிறகு எந்த இயந்திரமும் அதைப் பிரிக்காது. அமெரிக்காவில் தொழிற்சாலைகள் சாக்கடையில் விடும் முன்னரே தங்கள் கழிவைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதி 1978-இல் வந்தது. அதன்பின் அந்நாட்டுக் கசடில் உலோக அளவு வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் தொழிற்பேட்டைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கசடு வேறு கதை. அது அபாயக் கழிவு. வயல் பக்கமே வரக் கூடாது.

ஆகவே உங்கள் ஊரில் கசடு உரம் விற்க வந்தால், விலை கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இறுதிப் பொருளின் உலர் எடைச் சோதனை அறிக்கை, அதன் தேதி, எந்த நிலையத்துக் கசடு என்பது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வண்டியை வயலுக்குள் விடாதீர்கள்.